தம்பிக்கு: உன் வேலை மாற்ற அறிவிப்பு, திருத்தியது

தம்பி,

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பினாயே, அதை அப்படியே லிங்க்ட்இனில் போட்டுவிடாதே. நீ எழுதியது இது:

"மக்களே, ஒரு வழியா பழைய கம்பெனிக்கு டாட்டா! 14 மாசம் நைட் ஷிப்ட் போட்டு மண்டை காஞ்சு போச்சு லா. ஓவர்டைம் காசு எப்ப வரும்னு சாமிக்கே தெரியாது. இனி பாயான் லெப்பாஸ், டெஸ்ட் இன்ஜினியர், 700 வெள்ளி கூட!! அம்மா அழுதுட்டாங்க. ட்ரீட் கேக்குறவங்க வரிசைல நில்லுங்க."

உன் கோபம் நியாயமானதுதான். அந்தக் காசுக்காக நீ அலைந்தது எனக்குத் தெரியும். பாக்கி இருந்தால் லேபர் ஆபீஸில் புகார் கொடு, நானும் கூட வருகிறேன். ஆனால் ஆறு வருஷமாகக் கோலாலம்பூரில் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். பழைய முதலாளியைத் திட்டும் பதிவைப் பார்த்தால், "நாளைக்கு நம்மையும் இப்படித்தான் எழுதுவான்" என்றுதான் எங்கள் ஆபீஸில் பேச்சு வரும். சம்பளக் கணக்கையும் எடுத்துவிட்டேன். உன்னோடு வேலை செய்தவர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், அவர்களும் படிப்பார்கள்.

அம்மா அழுதார் என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன். அம்மாவுக்குப் போன் போட்டு ஏன் என்று கேட்டேன். அவர் சொன்னதை வைத்து எழுதியிருக்கிறேன். இனி உன் பதிவு:

பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு செமிகண்டக்டர் நிறுவனத்தில் டெஸ்ட் இன்ஜினியராக வரும் திங்கட்கிழமை சேர்கிறேன்.

பாயான் லெப்பாஸ் எங்கள் வீட்டுக்குப் புதிய பெயரல்ல. என் அம்மா அங்கே ஒரு தொழிற்சாலையில் 19 வருடம் ஆபரேட்டராக இருந்தார். விடியற்காலை ஐந்தரைக்குப் பிறையில் எங்கள் தெருமுனைக்குத் தொழிற்சாலை பஸ் வரும். பினாங்குப் பாலத்தைக் கடந்து போய், நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் சிப்புகளைப் பார்த்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புவார். 1972-இல் அங்கே தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது முதல் அந்தத் தொழிலைத் தாங்கிய பெண்களில் அவரும் ஒருவர்.

நிபோங் திபாலில் உள்ள யுஎஸ்எம் பொறியியல் வளாகத்தில் மின்னணுப் பொறியியல் படித்தேன். பிறகு சர்க்யூட் போர்டு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் 14 மாதம், பெரும்பாலும் இரவு ஷிப்டில், சோதனைப் பிரிவில் இருந்தேன். அங்கே ஒரு ஷிப்டில் 60 போர்டு வரை மறுசோதனைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவற்றில் பல நல்ல போர்டுகள். எந்தப் புள்ளியில் தோற்கின்றன என்று ஷிப்டு ஷிப்டாகக் குறித்து வைத்தேன். போர்டைத் தொட்டுச் சோதிக்கும் ஊசிகளில் சிலவற்றில்தான் திரும்பத் திரும்பக் கோளாறு வந்தது. சால்டரிங்கில் மிஞ்சும் ஃபிளக்ஸ், ஸ்பிரிங் ஊசிகளின் முனையில் பிசினாகப் படிந்து, மின் தொடுகையைக் கெடுத்திருந்தது. எங்கள் மூத்த டெக்னீஷியன் அண்ணனும் நானும் சேர்ந்து, ஊசிகளை எப்போது துடைப்பது, எப்போது மாற்றுவது என்று ஓர் அட்டவணை போட்டோம். இரண்டு மாதத்தில் மறுசோதனை 15-க்குக் கீழே இறங்கியது. "மெஷினைச் சந்தேகப்படும் முன்னே ஊசியைப் பார்" என்று முதல் வாரமே சொல்லித் தந்தவர் அந்த அண்ணன். அவருக்கும் இரவு ஷிப்டு நண்பர்களுக்கும் என் நன்றி.

இனி போர்டுக்குப் பதில் சிப். சாக்கெட்டின் தொடுமுனைகள் இன்னும் நுண்ணியவை, அழுக்கும் தேய்மானமும் அங்கேயும் உண்டு. நல்ல சிப்பைக் கெட்டதென்று ஒதுக்கினால் நஷ்டம். கெட்டதை நல்லதென்று விட்டால் அது யாரோ ஒருவருடைய காருக்குள் போய் உட்கார்ந்துவிடும். இந்த இரண்டையும் குறைக்கும் வேலையைக் கற்றுக்கொள்ளப் போகிறேன்.

இறுதியாண்டில் இருப்பவர்களும் வட பகுதியில் முதல் வேலை தேடுபவர்களும் எனக்கு எழுதலாம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேலைக் கடிதத்தை அம்மாவிடம் காட்டினேன். முகவரியில் விரலை வைத்து, "இந்த வழியாகத்தான் எங்கள் பஸ் போகும்" என்றார்.

அவ்வளவுதான், தம்பி. 60, 15 இரண்டும் நீ போனில் சொன்ன கணக்கு. போடுவதற்கு முன் அந்த அண்ணனிடம் ஒரு தடவை கேட்டுக்கொள், பழைய கம்பெனியின் எண்களை வெளியே சொல்லக் கூடாதென்று உன் ஒப்பந்தத்தில் இருந்தால் "பாதிக்கும் மேல் குறைந்தது" என்று மாற்றிவிடு. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், போடச் சொல்லிவிட்டார். ட்ரீட் என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் நம் குடும்ப குரூப்பில் போடு.

அக்கா