முதல் பாஸ்போர்ட்: யமுனாவுக்குச் சுருக்கமான வழி

யமுனா, நீ அனுப்பிய வழிகாட்டி ரொம்ப நீளம். உனக்குப் பொருந்துவதை மட்டும் வரிசையாகத் தருகிறேன்.

1. passportindia.gov.in தளத்தில் மட்டும் கணக்குத் தொடங்கு. இதே மாதிரித் தோற்றத்தில் போலித் தளங்கள் கூடுதலாகப் பணம் பறிக்கின்றன. தஞ்சாவூர் முகவரி என்பதால் திருச்சி அலுவலகத்தைத் தேர்ந்தெடு.

2. படிவத்தில் அவசரப்படாதே. நம் ஊர்க்காரர்கள் அதிகம் திண்டாடுவது இன்ஷியலில்தான். பாஸ்போர்ட்டில் அதற்கு இடமில்லை. அதை விரித்து எழுத வேண்டும். உன் பெயர் YAMUNA, குடும்பப் பெயர் இருக்கும் கட்டத்தில் அப்பா பெயர் MURUGESAN. ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் வைத்து அப்பா பெயரின் எழுத்துகளை ஒப்பிட்டுப் பார். ஒன்றில் MURUGESAN, இன்னொன்றில் MURUGESHAN என்று இருந்தால் முதலில் அதைத் திருத்து, அப்புறம் விண்ணப்பி.

3. கட்டணத்தை ஆன்லைனில் கட்டினால்தான் நாள் குறிக்க முடியும். 36 பக்கத்துக்கு 1500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2000. தட்கல் என்றால் இதற்கு மேல் 2000. உனக்கு அவசரமில்லை, சாதாரண முறையில் 36 பக்கமே போதும். பத்து வருடம் செல்லும். பாட்டிக்கும் எடுப்பதாக அக்கா சொன்னாள்: 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 10 சதவீதம் குறைவு, அதாவது 1350.

4. எடுத்துப்போக வேண்டியவை: முகவரிக்கு ஆதார், பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் அசலும், நீ கையெழுத்திட்ட நகலும் வேண்டும். விண்ணப்ப ரசீதையும் வைத்துக்கொள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை விட்டுவிடாதே: அது இல்லாவிட்டால் 'ஈசிஆர்' முத்திரை விழலாம், பிறகு வளைகுடாவுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டிவரும். புகைப்படம் தேவையில்லை, அங்கேயே எடுப்பார்கள்.

5. குறித்த நேரத்துக்குக் கால் மணி முன்னால் சேவை மையத்தில் இரு. டோக்கன் வாங்கியதும் 'ஏ' கவுண்டரில் புகைப்படம், கைரேகை. 'பி'யில் ஆவணச் சரிபார்ப்பு. 'சி'யில் அதிகாரி முடிவு சொல்வார். குறை ஏதும் சொன்னால் என்ன கேட்கிறார்கள் என்று அங்கேயே தெளிவாகக் கேட்டுக்கொள்.

6. அடுத்து போலீஸ் விசாரணை. நீ எழுதிய முகவரியில் நீ இருக்கிறாயா, வழக்கு ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள். போனை எடு, அசல் ஆவணங்களைக் காட்டு. இதற்கெனத் தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். விடுதிக்குத் திரும்புவதை விசாரணை முடியும்வரை தள்ளிப்போடு.

7. ஸ்பீட் போஸ்ட்டில் வரும். கைக்கு வந்ததும் பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர் எல்லாம் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு.

மாமா