மீனின் தலை

முதலில் இடது கால் பக்கம் சாட்டை வீசியது போல ஒரு சத்தம். கீழே ஏதோ இரும்பு சடசடவென்று உரசி, பின்னால் ரோட்டில் போய் விழுந்தது. எஞ்சின் திடீரென்று அலறியது. சேகர் ஆக்சிலேட்டரை விட்டான். அலறல் அடங்கியது. அதன்பின் பைக் இழுப்பே இல்லாமல், வெறும் டயர் சத்தத்தோடு உருண்டு போய் நின்றது.

"செயின்," என்றான் சேகர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இறங்கிப் பார்த்தேன். பின்னால் தூரத்தில் செயின் செத்த பாம்பு மாதிரி நீளமாகக் கிடந்தது. அதைத் தாண்டி, வந்த வழியெல்லாம் ரோடு மட்டும்தான். இரண்டு பக்கமும் இடுப்புயரப் புதர், காய்ந்த மண், ஒரு வீடு இல்லை, ஒரு மின்கம்பம் இல்லை. கடைசியாகப் பார்த்த மைல்கல்லின்படி அடுத்த ஊர் 38 கிலோமீட்டர். போனில் சிக்னல் காலையிலேயே போய்விட்டது. மணி மூன்றே முக்கால்.

சேகர் செயினைப் பார்க்கப் போகவில்லை. முதலில் தரையில் மண்டியிட்டு எஞ்சின் பக்கம் குனிந்தான். அறுந்த செயின் முன் பல்சக்கரத்தில் சுருண்டு மாட்டிக்கொண்டால் எஞ்சின் கூட்டையே உடைத்துவிடும். அப்படி ஆனால் பைக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதைத் தவிர வழியில்லை. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு நாங்களே ரோட்டில் கிடந்திருக்கவும் கூடும். அவன் விரலால் கூட்டின் அடிப்பகுதி முழுக்கத் தடவினான். ஆயில் கசிவு இல்லை. பின் சக்கரத்தைத் தாங்கும் கையில் பளபளவென்று ஒரு புதுக் கீறல், அவ்வளவுதான்.

"தப்பிச்சோம்டா," என்று மூச்சு விட்டான்.

நான் செயினைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கை சுட்டது. அதை அவன் முன்னால் போட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தகடு எதுவும் உடையவில்லை. செயினின் இரு முனையையும் சேர்க்கும் லாக் இருந்த இடத்தில்தான் பிரிந்திருந்தது. லாக்கின் இரண்டு பின்னும் அடித்தகடும் ஒரு முனையில் தொங்கிக்கொண்டிருந்தன. மேல்தகடு இல்லை, அதைக் கழலாமல் பிடித்து வைக்கும் கிளிப்பும் இல்லை.

அன்று காலையில் அந்த லாக்கைப் போட்டது நான்.

முந்தைய நாள் முழுக்கச் சேறு. சேகர் ஒன்பது மணி நேரம் ஓட்டிவிட்டு அடித்துப் போட்டது போலத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் எழுவதற்குள் ஏதாவது செய்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. பயணம் முழுக்க அவன்தான் ஓட்டுகிறான், அவன்தான் வழி பார்க்கிறான், அவன்தான் டயரில் காற்றைச் சரிபார்க்கிறான். நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். அதனால் லாக்கைக் கழற்றி, செயினை மண்ணெண்ணெயில் துடைத்து, காயவிட்டு, ஆயில் போட்டு மாட்டினேன். அவன் வந்து பார்த்துவிட்டு, "அட, நீயேவா!" என்று சிரித்தான். குனிந்து சரிபார்க்கவில்லை. நான் செய்தேன் என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

"கிளிப் கழண்டிருக்கு. வா, தேடலாம்," என்றான் இப்போது.

ரோட்டின் ஆளுக்கொரு ஓரமாகக் குனிந்துகொண்டே நடந்தோம். மேல்தகடு அரை மணி நேரத்தில் கிடைத்தது, ஜல்லிக் கற்களுக்கு நடுவே. கிளிப் கிடைக்கவில்லை. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான் அது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால், ரோடு அரித்துப்போன ஓர் இடத்தில் நாங்கள் புதருக்குள் இறங்கிச் சுற்றி வந்திருந்தோம். அங்கேதான் ஏதோ குச்சி தட்டிவிட்டிருக்க வேண்டும். கிளிப் போன பிறகும் தகடு கொஞ்ச தூரம் தாக்குப்பிடித்து வந்திருக்கிறது. அந்தப் புதருக்குள் போய்த் தேடுவது நடக்கிற காரியமில்லை.

"சரியா மாட்டியிருந்தா சும்மா கழண்டு போகாதே," என்று சேகர் தனக்குள் பேசுவது போலச் சொன்னான். "பழைய கிளிப், தளர்ந்திருக்கும்."

தளரவில்லை. காலையில் அதை மாட்ட பிளேயரால் அழுத்தியபோது எவ்வளவு விறைப்பாக இருந்தது என்பது என் விரலுக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாலரை மணிக்கு ஒரு லாரி வந்தது. கையை ஆட்டினோம், நின்றது. டிரைவர் வயதானவர். பின்னால் முழு லோடு, கேபினில் ஏற்கனவே இரண்டு பேர். "ஒருத்தர் ஏறிக்கலாம் தம்பி. வண்டிய ஏத்த இடமில்ல," என்றார்.

"நீ போடா," என்றான் சேகர் உடனே. "ஊர்ல ஒரு லாக் வாங்கிட்டு, ஏதாவது வண்டி பிடிச்சு வந்துடு. நான் பைக் கூட இருக்கேன்."

சரியான யோசனைதான். ஏறி உட்கார்ந்தால் போதும். புது லாக்கோடு திரும்பி வந்து மாட்டிவிட்டால், தளர்ந்த பழைய கிளிப் என்பதே கடைசி வரை நிலைத்துவிடும். கேபின் படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். அவன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினான், "நீ வெச்சுக்கோ, எனக்கு வேணாம்" என்று. இருந்ததே அந்த ஒரு பாட்டில்தான்.

காலை இறக்கினேன். "நீங்க போங்கண்ணே," என்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் கேனிலிருந்து எங்கள் பாட்டிலை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"ஏன்டா?" என்றான் சேகர்.

"கிளிப் தளரல. நான்தான் தப்பா மாட்டியிருக்கேன்."

அவன் முகத்தில் எதுவும் தெரியவில்லை. திரும்பி நடந்துபோய் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தான், எனக்கு முதுகைக் காட்டி. ரொம்ப நேரம் அப்படியே இருந்தான். நான் பக்கத்தில் போகவில்லை. எண்பதில் வந்துகொண்டிருந்தோம். இரண்டு பேர் உயிர் அந்தக் கிளிப்பில் இருந்தது. கோபப்பட அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு.

பிறகு திரும்பாமலே கேட்டான். "மீன் தலை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

ஆறு மாதத்துக்கு முன் அவன் சொல்லிக்கொடுத்த பாடம் அது. கிளிப் பார்க்க மீன் மாதிரி இருக்கும். ஒரு முனை மூடியிருக்கும், அது தலை. மறுமுனை பிளந்திருக்கும், அது வால். மீன் முன்னால் பார்த்து நீந்தணும், அதாவது மூடிய முனை செயின் போகிற திசையில் இருக்கணும். அப்போதுதான் கல்லோ குச்சியோ பட்டாலும் மழுங்கிய தலையில் பட்டு வழுக்கும். வால் முன்னால் இருந்தால் அதே அடி கிளிப்பைப் பின்னால் தள்ளிக் கழற்றிவிடும்.

"முன்னாடிதான்," என்றேன். "பைக் முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். நீ சொன்ன மாதிரியேதான் வெச்சேன். ஆனா கழண்டிருக்கே. எங்கேயோ தப்பு பண்ணியிருக்கேன்."

"எந்த இடத்துல வெச்சு மாட்டினே?"

"கீழே. முன் பல்சக்கரத்துல செயின் தொங்கிட்டு இருந்துச்சு. மேல் முனையைப் பின் பல்சக்கரத்து மேல சுத்திக் கீழே கொண்டுவந்தேன். ரெண்டு முனையும் சேர்ந்த இடத்துல போட்டேன்."

அவன் எழுந்து வந்தான். செயினை எடுத்து மண்ணில் ஒரு நீள வளையமாக வைத்தான். இரண்டு முனைக்கும் நடுவில் லாக் வரும் இடத்தில் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளி வைத்தான், காம்பு பின்னால் இருக்கும்படி. வளையத்தின் மேல் பக்கத்தை முன்னால் தள்ளினான். இலை முன்னால் போனது, நுனி முன்னால், காம்பு பின்னால். பிறகு இலையைத் தூக்கிக் கீழ்ப் பக்கத்தில் அதே மாதிரி, நுனி முன்னால் இருக்கும்படி வைத்தான். மறுபடி வளையத்தைச் சுற்றினான். மேல் பக்கம் முன்னால் போகும்போது கீழ்ப் பக்கம் பின்னால் போனது. இலை காம்பை நீட்டிக்கொண்டு பின்னோக்கி நகர்ந்தது.

இரண்டு பேரும் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான் மேல வெச்சுத்தான்டா உனக்குக் காட்டினேன்," என்றான் மெதுவாக. "எப்பவும் பின்சக்கரத்துப் பல் மேல வெச்சு மாட்டியே எனக்குப் பழக்கம். கீழே வெச்சா திசை மாறும்னு சொல்லவே இல்ல. எனக்கே இப்பதான் தோணுது."

"நான் உன்னை எழுப்பிக் கேட்டிருக்கணும்."

"காலைல நான் குனிஞ்சு பார்த்திருக்கணும்," என்றான். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. டூல் பையைப் பிரித்துக் கீழே கொட்டினான்.

மாற்று லாக் இல்லை. ஆனால் கிளட்ச் கேபிள் ஒன்று புதிதாக, பிரிக்காமல் இருந்தது. அதை வாங்கப் போன மாதம் இரண்டு கடை ஏறி இறங்கினான் என்று எனக்குத் தெரியும். அவன் யோசிக்கவே இல்லை. உறையிலிருந்து உள்கம்பியை உருவி, பிளேயரால் முனையைக் கத்தரித்து, முறுக்கைப் பிரித்தான். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிப்பான எஃகு இழைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு வந்தன.

பின் சக்கரத்து ஆக்சில் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளினோம். செயினின் இரு முனைகளையும் பல் மேல் பக்கம் பக்கமாக உட்கார வைத்து, நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். லாக்கின் ஒரு பின் லேசாகச் சாய்ந்திருந்தது. ஸ்பேனர் கட்டையால் நாலு தட்டுத் தட்டி நுழைத்தான். மேல்தகட்டைப் போட்டான். இரண்டு பின்னின் நுனியிலும் கிளிப் உட்காருவதற்கென்று மெல்லிய பள்ளம் ஒன்று சுற்றிலும் ஓடும். மூன்று இழையைச் சேர்த்து, அந்தப் பள்ளத்தில் எட்டு போடுவது போல ஒரு பின்னிலிருந்து இன்னொரு பின்னுக்கு இழுத்துச் சுற்றினான். ஐந்து சுற்று. முனைகளை முறுக்கி ஒட்ட நறுக்கி, எதிலும் உரசாதபடி தகட்டோடு படிய மடக்கினான்.

"அந்தப் பக்கத்தை நீ முறுக்கு," என்றான்.

"நானா?"

"ஆமா. என் கை வேர்த்து வழுக்குது."

அவன் கை வேர்த்திருக்கவில்லை. நான் பிளேயரை வாங்கிக்கொண்டேன்.

தொய்வு இரண்டு விரல் அகலம் வரும்படி சக்கரத்தைப் பின்னால் இழுத்து நட்டை இறுக்கியபோது வெளிச்சம் போயிருந்தது. இருபதுக்கு மேல் போவதில்லை, கியரை உதறாமல் மாற்றுவது, ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

முதல் ஐந்தில் நான் இறங்கி, டார்ச் அடித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றி லாக்கை மேலே கொண்டுவந்தேன்.

"இருக்கா?"

"இருக்கு."

பத்தில் இருந்தது. பதினைந்தில் இருந்தது. இருபத்தைந்தில் ஓர் இழை அறுந்து முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை நறுக்கிவிட்டு, மிச்சக் கம்பியில் இன்னும் இரண்டு இழை பிரித்து, பழையதன் மேலேயே சுற்றினேன். சேகர் டார்ச்சைப் பிடித்தபடி குனிந்து நின்றான். முடித்ததும் இந்த முறை அவனும் விரலை விட்டு நெருடிப் பார்த்தான்.

"போலாம்," என்றான். தூரத்தில், ரோடு வளைகிற இடத்தில், இரண்டு மூன்று விளக்குகள் தெரிந்தன. நான் ஏறி உட்கார்ந்தேன்.