மயில்கழுத்துப் பட்டு, அரக்கு பார்டர்: கேட்டலாக் படத்துக்கான ப்ராம்ப்ட்

காஞ்சிபுரம் கைத்தறிப் பட்டுச் சேலை ஒன்றுக்குக் கேட்டலாக் படம் வேண்டும். ஸ்டுடியோவில் கேமராவால் எடுத்த புகைப்படமாகவே இருக்க வேண்டும். ஓவியச் சாயலோ சினிமா போஸ்டர் சாயலோ வேண்டாம். ஒரே பெண், நின்ற நிலை, தலை முதல் கால் வரை. நெட்டுவாக்கில் 4:5 விகிதம், 2400 × 3000 பிக்சல். தலைக்கு மேல் கொஞ்சம் இடம், பாதத்துக்குக் கீழே கொஞ்சம் தரை. படத்தின் இடது மேல் மூலை வெறுமையாக இருக்கட்டும். விலையும் சேலை எண்ணும் பிறகு நாங்களே போட்டுக்கொள்வோம். படத்துக்குள் எந்த எழுத்தும் வரக் கூடாது.

இதோடு மூன்று செல்போன் படங்களை இணைத்திருக்கிறேன். முதலாவது பார்டர், அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்தது. இரண்டாவது முந்தியை முழுதாக விரித்து எடுத்தது. மூன்றாவது காலை ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த உடல் பகுதி. நிறத்துக்கு இதையே பின்பற்ற வேண்டும், மற்ற இரண்டும் டியூப்லைட்டில் எடுத்தவை. வரப்போகும் படத்தில் இருப்பது இந்தச் சேலையாகத்தான் இருக்க வேண்டும், இதைப் போன்ற இன்னொன்றாக அல்ல. போன தீபாவளிக்குப் போட்ட ஒரு படத்தில் பார்டர் உள்ளதைவிட இரண்டு விரல் அகலமாக வந்திருந்தது. நாங்களும் கவனிக்காமல் போட்டுவிட்டோம். மகள் நிச்சயதார்த்தத்துக்கு வாங்கிய அம்மா பெட்டியைப் பிரித்ததும் போன் செய்து, "படத்துல பார்த்த சேலை இது இல்லையேப்பா" என்றார். அவர் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அதனால் கீழே உள்ள அளவுகளை அழகுக்காகக்கூட மாற்ற வேண்டாம்.

உடல் நிறம் மயில்கழுத்து. பாவு நீலம், ஊடை பச்சை. இரண்டையும் குழைத்த ஒரே டர்க்காய்ஸ் பூச்சாக இது வரக் கூடாது. துணி கேமராவை நேராகப் பார்க்கும் இடத்தில் நீலமும் பச்சையும் கலந்து தெரியும். மடிப்பு வளைந்து வெளிச்சம் படும் முகட்டில் பச்சை மினுங்கும். மடிப்பின் பள்ளத்தில் நீலம் கறுத்து நிற்கும். கொசுவத்தில் இந்த மாற்றம் மடிப்புக்கு மடிப்பு தெரிய வேண்டும். உடல் முழுதும் சிறிய மாங்காய் புட்டா, ஒவ்வொன்றும் முக்கால் அங்குல உயரம், நான்கு அங்குல இடைவெளியில், வரிசை விட்டு வரிசை தள்ளி. துணி மடியும் இடத்தில் புட்டாவும் சேர்ந்து மடிய வேண்டும், பாதி உள்ளே போய் மறைய வேண்டும். மடிப்பின் மேலே முழு மாங்காய் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தால் அது அச்சடித்த துணி ஆகிவிடும்.

பார்டர் அரக்கு நிறம், இருபுறமும் ஐந்தரை அங்குலம். இது கோர்வை பார்டர். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பார்டருக்கும் ஆளுக்கொரு நாடா என மூன்று நாடா போட்டு நெய்தது. ஆகவே மயில்கழுத்தும் அரக்கும் சேரும் இடத்தில் நிறம் ஒன்றுக்குள் ஒன்று கரையக் கூடாது. கத்தியால் கீறியதுபோல் நின்றுவிட வேண்டும். அந்தச் சேர்க்கையில் கோபுரம் இருக்கிறது: அரக்கு முக்கோணங்கள் படிப்படியாகக் கூர்ந்து உடலுக்குள் ஏறி நிற்கும், ஒவ்வொன்றும் முக்கால் அங்குல உயரம். கைநெசவு என்பதால் கோபுரத்துக்குக் கோபுரம் மயிரிழை வித்தியாசம் இருக்கட்டும். அச்சில் வார்த்ததுபோல் எல்லாம் ஒன்றாக இருந்தால் விசைத்தறிச் சேலையாகத் தெரியும்.

பார்டருக்குள் வெளி ஓரத்திலிருந்து உள்ளே வரும் வரிசை இது. முதலில் அரை அங்குலத்துக்குக் கட்டியான ஜரிகைப் பட்டை. அடுத்து ருத்ராட்ச வரிசை, மிளகளவு மணிகள். அதற்கு மேல் வட்டச் சக்கரங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் அன்னம், எல்லா அன்னமும் முந்தியை நோக்கியே திரும்பியிருக்கும். மறுபடி ருத்ராட்ச வரிசை, அப்புறம் கோபுரம். நடுவில் ஓர் அன்னம் மயிலாகவோ பூவாகவோ மாறிவிடக் கூடாது. கால் பக்கம் ஓடும் பார்டரிலும் தோளில் ஏறும் பார்டரிலும் இதே வரிசைதான்.

ஜரிகையை நூலாகப் பார்க்க வேண்டும். சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன் மேல் தங்கமுலாம் பூசியது. அதனால் இந்தப் பொன் நிறத்துக்கு அடியில் ஒரு செம்மை உண்டு. பித்தளை மஞ்சளும் வேண்டாம், எலுமிச்சை மஞ்சளும் வேண்டாம்; பழைய நகையின் நிறம். கிட்டத்தில் பார்த்தால் கயிற்றின் முறுக்குப்போல நுண்ணிய சாய்வுக் கோடுகள், ஒவ்வொரு கோட்டிலும் ஊசிமுனை அளவு வெளிச்சம். ஜரிகை துணியோடு துணியாக நெய்யப்பட்டது. மேலே ஒட்டிய கல், சம்கி, எம்பிராய்டரி போலப் புடைத்து நிற்காது. இழைகளுக்கு நடுவே அரக்குப் பட்டு எட்டிப் பார்க்க வேண்டும்.

முந்தியும் அரக்குதான், ஒரு கஜத்துக்குக் கொஞ்சம் குறைவு. உடலும் முந்தியும் சேரும் பிட்னி இடத்தில் பாவு நூல் மாறுகிறது. அங்கே துணி சற்றே தடித்து, குறுக்காக ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். அதைக் குறை என்று அழித்துவிட வேண்டாம், சேலை தெரிந்தவர்கள் தேடிப் பார்க்கும் இடமே அதுதான். முந்தியில் ஜரிகை ஊடையாக அகலவாக்கில் ஓடுகிறது: அகலமான பட்டைகள், நடுவே இரண்டு வரிசை பெரிய மாங்காய், கடைசியில் முடிச்சிடாத குஞ்சம், மூன்று விரல் நீளம்.

கட்டு நம் ஊர்க் கட்டு. முந்தி அவருடைய இடது தோளில். அவர் கேமராவைப் பார்த்து நிற்பதால் அது படத்தின் வலது பக்கம் வரும். கொசுவம் ஏழு மடிப்பு, ஒவ்வொன்றும் ஐந்து அங்குலம், மடிப்பின் வாய் அவருடைய இடது கைப்பக்கம் திரும்பியிருக்கும். மடிப்பு இடுப்பில் செருகிய இடத்திலிருந்து தொடங்கி, ஒன்றின்மேல் ஒன்றாகச் சீட்டுக்கட்டு அடுக்கியதுபோல் நேராக இறங்கி, பாதத்தருகே கொஞ்சம் விரியட்டும். சேலையின் கீழ் ஓரம் தரையைத் தொட்டும் தொடாமலும், வலது கால் பெருவிரல் மட்டும் வெளியே தெரிய.

இது புதுப் பட்டு, ஜரிகைக் கனம் உள்ள துணி. ஷிஃபான் போல வழியாது, காற்றில் பறக்காது, உடலோடு ஒட்டாது. மடிப்புகள் கொஞ்சம் விறைப்பாக, முனை தெரிய விழும். தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே வரும் பகுதியில் இரண்டு மூன்று நீண்ட சரிவுகள் போதும். பெட்டியில் மடித்து வைத்த தடம் ஒன்று உடலின் குறுக்கே மிக லேசாக இருந்தால் நல்லது; புதுச் சேலை என்று கண்ணுக்குத் தெரியும்.

முந்திக்கு மடிப்பு வைத்துப் பின் குத்த வேண்டாம், விரித்த முந்தி. இடது முழங்கையை மடக்கி, முன்கையைக் கேமரா பக்கம் ஓர் அடி நீட்டியிருக்கிறார். முந்தி அந்தக் கையில் தவழ்ந்து முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை தொங்குகிறது. இப்படி முன்னால் வருவதால் பார்டரின் ஒரு முழம் கேமராவுக்குக் கிட்டத்தில் வருகிறது. படத்தின் கூர்மை அங்கேதான் உச்சத்தில் இருக்க வேண்டும்: அன்னத்தின் அலகு, ருத்ராட்ச மணி, கோபுர முனை, ஜரிகையின் முறுக்கு எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தாலும் பிரிந்து தெரிய வேண்டும். வலது கை இயல்பாகப் பக்கவாட்டில், விரல்கள் தளர்ந்து.

ஒளி பின்னாலிருந்து வருகிறது. படத்தின் வலது பின்புறம், தலைக்கு மேல் இரண்டடி உயரத்தில் நீளமான ஸ்ட்ரிப் சாஃப்ட்பாக்ஸ், கட்டம் போட்டது, கீழ்நோக்கிச் சாய்ந்தது. இதுதான் முந்தியின் ஓரத்திலும் கைமேல் உள்ள மடிப்பு முகட்டிலும் பொன் கோடு இழுக்கும் விளக்கு. இடது பின்புறம் இன்னொன்று, அதில் பாதி வலு, கொசுவத்தின் விளிம்புகளைப் பிரித்துக் காட்ட. முன்னால் விளக்கு கிடையாது. ஆளுயர வெள்ளைத் தெர்மோகோல் பலகை திருப்பி அனுப்பும் வெளிச்சம் மட்டும். அதனால் முகமும் உடலும் பின் ஒளியைவிட ஒன்றரை ஸ்டாப் மட்டமாக, ஆனால் இருட்டாகாமல் இருக்கும். காஞ்சிப் பட்டு அடர்த்தியான துணி. பின் ஒளி பட்டு உள்ளே கால் தெரிவதோ, கண்ணாடித் துணிபோல ஒளிர்வதோ கூடாது. ஒற்றை மடிப்பாகத் தொங்கும் முந்தியின் ஓரத்தில் மட்டும் அரக்கு கொஞ்சம் கனிந்து, தணலாகத் தெரியலாம். குஞ்சத்தின் ஒவ்வொரு இழையும் ஒளியில் தனித்தனியாக. ஜரிகை எங்கேயும் வெளுத்து வெள்ளைத் திட்டாகப் போகக் கூடாது. அப்படிப் போனால் உள்ளே இருக்கும் வேலைப்பாடு தொலைந்துவிடும். லென்ஸில் ஒளிச் சிதறல், நட்சத்திர மின்னல், புகைமூட்டம் வேண்டாம்.

85 மி.மீ. லென்ஸ், எஃப் 11, ஐ.எஸ்.ஓ. 100, 5200 கெல்வின், கேமரா இடுப்பு உயரத்தில். பின்னணி சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரே நிறத் துணி, ஓரங்களில் லேசாக இருண்டு. தூண், விளக்கு, உருளி, யானைப் பொம்மை எதுவும் வேண்டாம்.

பெண் முப்பத்தைந்து வயதுத் தமிழ்ப் பெண், மாநிறம், தோலின் துளைகள் தெரியும் இயல்பான முகம். தோலை வெளுப்பாக்கவோ வழுவழுப்பாக்கவோ வேண்டாம். கொண்டை, அதைச் சுற்றி ஒரே சுற்று மல்லிகை, ஜிமிக்கி, மெல்லிய சங்கிலி, கைக்கு இரண்டு வளையல், சின்னப் பொட்டு. கழுத்து நிறைய நகை போட்டால் கண் சேலைக்கு வராது. ரவிக்கை சேலையோடு வந்த அரக்குத் துணியில், முழங்கைக்கு மேல் நிற்கும் கை, கை ஓரத்தில் இரண்டு அங்குல ஜரிகை மட்டும். பார்வை கையில் கிடக்கும் முந்தி மேல். தன் சேலையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொள்கிற முகம், சிரிப்பு உதட்டோரத்தில் போதும்.

எல்லாம் ஒரே படத்தில் கூடிவராமல் போனால், முகம் கொஞ்சம் மென்மையாகப் போகட்டும், பின்னணி எளிமையாகட்டும். பார்டரின் அகலமும் கோர்வை சேரும் கோடும் இடது தோள் முந்தியும் மாறக் கூடாது.

நான்கு படங்கள் வேண்டும். நான்கிலும் சேலை, நிறம், விளக்கு, கேமரா தூரம் ஒன்றே. இடது கையின் உயரமும் முகம் திரும்பும் கோணமும் மட்டும் படத்துக்குப் படம் மாறலாம்.