பெரியப்பாவின் உயில்: எளிய தமிழில் சுருக்கம்

பெரியம்மாவுக்கும், அக்கா இருவருக்கும், அண்ணனுக்கும், சின்ன அண்ணிக்கும்,

உயிலைப் படித்தால் பாதி புரிகிறது, பாதி புரியவில்லை என்று பெரியம்மா சொன்னதால் இதை எழுதுகிறேன். எனக்கு இதில் பங்கு ஏதும் இல்லை, என் பெயரும் உயிலில் எங்கும் வரவில்லை. காகிதத்தில் இருப்பதை மட்டுமே சொல்வது என்று முடிவு செய்துகொண்டு எழுதியிருக்கிறேன். "அவர் மனசில் இதைத்தான் நினைத்திருப்பார்" என்று நம் ஒவ்வொருவருக்கும் ஒன்று தோன்றும். அது இந்தத் தாளில் கலந்துவிட்டால், அவர் எழுதியது எது, நாம் சேர்த்தது எது என்று பிறகு பிரிக்க முடியாது. அதனால் உயிலில் காரணம் எழுதியிருந்தால் காரணத்தையும் சொல்லியிருக்கிறேன். இல்லாத இடத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறேன். இந்தச் சுருக்கத்துக்கும் உயிலின் வாசகத்துக்கும் எங்காவது வேறுபாடு தெரிந்தால் உயிலின் வாசகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உயிலில் எல்லோர் பெயரும் முழுதாக இருக்கிறது. இங்கே நாம் கூப்பிடும் முறையிலேயே எழுதுகிறேன்.

நம்மிடம் இருப்பவை இரண்டு ஆவணங்கள். ஒன்று, 14 மார்ச் 2016 தேதியிட்ட உயில்: ஆறு பக்கம், 14 ஷரத்து, கடைசியில் சொத்து விவரத் தபசில். மற்றது, 2 ஆகஸ்ட் 2021 தேதியிட்ட ஒரு பக்கப் பின்சேர்க்கை. அது உயிலில் ஒரு ஷரத்தை மாற்றி, ஒன்றைப் புதிதாகச் சேர்க்கிறது. இரண்டிலும் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் பெரியப்பாவின் கையெழுத்தும், கடைசிப் பக்கத்தில் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் உள்ளன. சொத்துப் பெறுவோரில் சாட்சிகளின் பெயர் இல்லை.

முதல் ஷரத்தில், நல்ல நினைவோடும் பிறர் தூண்டுதல் இல்லாமலும் எழுதுவதாகவும், இதற்கு முன் எழுதிய உயில் ஏதேனும் இருந்தால் ரத்து செய்வதாகவும் சொல்கிறார். இரண்டாவதில் குடும்பத்தினர் பட்டியல். சின்ன அண்ணனை "காலஞ்சென்ற என் இளைய மகன்" என்று குறிப்பிட்டு, அவருடைய இரண்டு பிள்ளைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதியிருக்கிறார். சின்ன அண்ணியின் பெயரும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. மூன்றாவது ஷரத்துப்படி, கடன்களும் இறுதிச் செலவும் முதலில் வங்கி வைப்புத் தொகையிலிருந்து தீர்க்கப்பட வேண்டும். பங்கு பிரிப்பது அதற்குப் பிறகுதான்.

வீடு

இதற்கு நான்கு, ஐந்து, ஆறு என்று மூன்று ஷரத்துகள். பதினொன்றாவதும் இதைத் தொடுகிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பெரியம்மா, உங்கள் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் வசிக்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. யாரும் உங்களை வெளியேறச் சொல்லக்கூடாது என்று உயிலிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் வீட்டை விற்கவோ, தானம் செய்யவோ, அடமானம் வைக்கவோ உங்களுக்கு உரிமை இல்லை என்றும் அதே ஷரத்து சொல்கிறது. மாடிப் பகுதியின் வாடகை பற்றி ஐந்தாவது ஷரத்தின் வாசகம் இது: "மேற்படி வாடகை முழுவதையும் என் மனைவியே பெற்று அனுபவித்துக்கொள்ள வேண்டியது."

உங்கள் காலத்துக்குப் பிறகு வீடு அண்ணனுக்கும் சின்னக்காவுக்கும் சம பாகமாகச் சேர்கிறது. பெரியக்கா இந்த ஷரத்தில் இல்லை. அதற்கான காரணத்தை அவரே எழுதியிருக்கிறார்: "மூத்த மகளுக்கு நான் ஏற்கெனவே மனை வாங்கிக் கொடுத்திருப்பதால்." சின்ன அண்ணனின் பிள்ளைகளும் இந்த ஷரத்தில் இல்லை; அதற்குக் காரணம் எழுதப்படவில்லை. அண்ணனோ சின்னக்காவோ பெரியம்மாவுக்கு முன்பே காலமானால் அவர்கள் பாகம் யாருக்கு என்றும் எழுதவில்லை.

இப்போது பதினொன்றாவது ஷரத்து. நாம் எல்லோரும் கவனமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. "வீட்டின் பழுது, பராமரிப்புச் செலவுகளை வீட்டு வாடகையிலிருந்து உயிலை நிறைவேற்றுபவர் செய்துவர வேண்டியது" என்று அதில் இருக்கிறது. ஐந்தாவது ஷரத்து வாடகை முழுவதும் பெரியம்மாவுக்கு என்கிறது. பதினொன்று அதே வாடகையிலிருந்து பராமரிப்பைச் செய்யச் சொல்கிறது. பராமரிப்பு போக மிஞ்சுவது பெரியம்மாவுக்கா, முழு வாடகையும் முதலில் பெரியம்மாவிடம் போய், பிறகு அவர் தர வேண்டுமா, செலவு வாடகையை மிஞ்சினால் யார் பொறுப்பு என்று எதுவும் எழுதப்படவில்லை. எது முந்தியது என்று உயில் சொல்லவில்லை, நானும் சொல்லப்போவதில்லை. இரண்டு வாசகத்தையும் அப்படியே வக்கீல் முன் வைத்துக் கேட்பதுதான் சரி. வீட்டு வரி யார் கட்ட வேண்டும் என்பதற்கு நான்கு ஷரத்துகளிலும் ஒரு வார்த்தைகூட இல்லை.

காலி மனை

ஏழாவது ஷரத்து. தபசிலில் இரண்டாவதாக உள்ள மனை சின்னக்காவுக்கு "சர்வ சுதந்திர பாத்தியதையுடன்" சேர்கிறது. விற்கும் உரிமையும் அவருக்கு உண்டு என்று தெளிவாக எழுதியிருக்கிறது. தொடர்ந்து ஒரு வாக்கியம் வருகிறது: "விற்க நேர்ந்தால் முதலில் உடன்பிறந்தவர்களைக் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்." மற்ற ஷரத்துகள் எல்லாம் "வேண்டியது" என்று முடிகின்றன, இங்கு மட்டும் "விருப்பம்" என்றிருக்கிறது. இது சின்னக்காவைக் கட்டுப்படுத்துமா என்பது சட்டம் தெரிந்தவர் சொல்ல வேண்டியது. எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், என்ன விலைக்குக் கேட்க வேண்டும் என்ற விவரங்கள் உயிலில் இல்லை.

இந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் "சாலைப் பக்கம் பாதி?" என்று எழுதியிருக்கிறது. அதன் அருகே கையெழுத்தும் தேதியும் இல்லை. தட்டச்சு வாசகத்தில் மனையைப் பாதியாகப் பிரிப்பது பற்றி எதுவும் இல்லை. அப்படி ஒரு குறிப்பு இருக்கிறது என்பதை மறைக்கக்கூடாது என்பதால் சொல்கிறேன். அது யார் எழுத்து, எப்போது எழுதியது என்று ஊகிக்க நான் தயாராக இல்லை. தயவுசெய்து யாரும் அதை அழிக்க வேண்டாம். இருப்பது இருந்தபடியே வக்கீலிடம் போகட்டும்.

வங்கிப் பணம்

எட்டாவது ஷரத்து இரண்டு வங்கிக் கணக்குகளை எண்ணோடு குறிப்பிடுகிறது. அவற்றில், கடனும் இறுதிச் செலவும் போக உள்ள தொகையில் பாதி பெரியம்மாவுக்கு. மறு பாதி நான்கு சம பாகம். பெரியக்கா, அண்ணன், சின்னக்கா ஆகியோருக்கு ஆளுக்கொரு பாகம். நான்காவது பாகம் சின்ன அண்ணனின் இரு பிள்ளைகளுக்கும் சமமாக. மொத்தத் தொகையில் பார்த்தால் பெரியம்மாவுக்கு 1/2, மூவருக்கும் தலா 1/8, பேரப்பிள்ளைகள் இருவருக்கும் தலா 1/16. அவர் எழுதிய பங்கீட்டைக் கூட்டிப் பார்த்த கணக்கு மட்டும்தான் இது.

சின்ன அண்ணி, ஒன்பதாவது ஷரத்து உங்கள் பிள்ளைகளைப் பற்றியது. அவர்களுக்கு 21 வயது நிறையும்வரை அந்தப் பணத்தை உயிலை நிறைவேற்றுபவர் வைத்திருக்க வேண்டும். அதற்கு முன் "படிப்புக்கும் மருத்துவத்துக்கும்" அதிலிருந்து எடுத்துச் செலவிடலாம். வேறு செலவுகள் குறிப்பிடப்படவில்லை. உங்களிடம் கேட்டுச் செலவிட வேண்டும் என்றோ, கேட்கத் தேவையில்லை என்றோ எழுதவில்லை. அதுவரை பணத்தை எங்கே, எந்தக் கணக்கில் போட்டு வைப்பது என்பதும் இல்லை. ஒரு பிள்ளைக்கு 21 ஆனதும் அவர் பங்கை மட்டும் தரலாம் என்று மட்டும் தெளிவாக இருக்கிறது.

பெரியப்பாவுக்கு மூன்றாவதாக ஒரு கணக்கு இருந்ததாக நீங்கள் பேசிக்கொண்டீர்கள். அந்த எண் உயிலில் இல்லை. பதினான்காவது ஷரத்து, "மேலே சொல்லப்படாத என் சொத்து எதுவாயினும் என் மனைவியைச் சேர வேண்டியது" என்கிறது. வங்கியில் யாரை நியமனதாரராகக் கொடுத்திருந்தார் என்பது பற்றி உயிலில் எதுவும் இல்லை. மூன்றாவது கணக்கைப் பற்றிக் கேட்கும்போது இந்த இரண்டு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நகை, வீட்டுப் பொருட்கள், கைமாற்று

பத்தாவது ஷரத்துப்படி பெட்டகத்தில் உள்ள நகைகள் "என் மகள்கள் இருவருக்கும்" சேர்கின்றன. சமமாக என்ற சொல் இங்கே இல்லை. எந்த நகை யாருக்கு என்ற பட்டியலும் இல்லை. பெரியம்மா அணிந்திருக்கும் நகைகள் அவருடையவை, இந்த உயிலில் அடங்காது என்று பெரியப்பாவே எழுதியிருக்கிறார். வீட்டுப் பொருட்கள் எல்லாம் பெரியம்மாவுக்கு.

பன்னிரண்டாவது ஷரத்து: அண்ணனுக்குத் தொழிலுக்காகக் கொடுத்த கைமாற்றுத் தொகையைத் "திருப்பிக் கேட்க வேண்டியதில்லை." அந்தத் தொகையை அண்ணன் பங்கிலிருந்து கழிக்க வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. தொகை எவ்வளவு, எந்த ஆண்டு கொடுத்தது என்பதும் இல்லை.

பின்சேர்க்கை

2016 உயிலின் பதின்மூன்றாவது ஷரத்து, உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அண்ணனுக்குக் கொடுத்திருந்தது. 2021 பின்சேர்க்கை அதை நீக்கி, பெரியக்காவுக்குக் கொடுக்கிறது. பெரியக்காவால் முடியாவிட்டால் சின்னக்கா. மாற்றியதற்குக் காரணம் ஒரு வரிகூட இல்லை. அண்ணா, இதை உங்களைப் பற்றிய ஒரு தீர்ப்பாக யாரும் படிக்கக்கூடாது என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் காகிதம் அப்படி எதுவும் சொல்லவில்லை. உங்கள் பங்குகளில் எதையும் பின்சேர்க்கை மாற்றவும் இல்லை.

புதிதாகச் சேர்த்தது: பின்கட்டுத் தொழிற்கூடத்தில் உள்ள மரவேலைக் கருவிகள், "இயந்திரங்கள் உட்பட", பெரியப்பாவிடம் வேலை கற்றவருக்குச் சேர வேண்டும். அவர் பெயர் முழுதாக எழுதியிருக்கிறது. தொழிற்கூடக் கட்டடம் பற்றிப் பின்சேர்க்கையில் எதுவும் இல்லை. 2016 தபசிலில் முதல் சொத்து "வீடும் பின்கட்டும்" என்று ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. கருவிகளை எத்தனை நாளில் எடுத்துச் செல்ல வேண்டும் என்று குறிப்பிடவில்லை. "மற்ற ஷரத்துகளில் மாற்றம் இல்லை" என்ற வாக்கியத்தோடு பின்சேர்க்கை முடிகிறது.

வக்கீலைப் பார்க்கும்போது மூல ஆவணங்கள் இரண்டையும் பெரியக்கா கையில் எடுத்துச் செல்லட்டும். இந்தச் சுருக்கத்தைக் கூடவே வைத்துக்கொள்ளலாம், ஆனால் உயிலுக்குப் பதிலாக இதைக் காட்ட வேண்டாம். முதலில் வாடகை பற்றிய ஐந்தாவது, பதினொன்றாவது ஷரத்துகளைக் கேளுங்கள். இந்த மாதமே பெரியம்மாவின் செலவுக்கு அந்தப் பணம் தேவைப்படும். நகையும் மனையும் காத்திருக்கலாம்.