வியாழக்கிழமை டெஸ்டுக்கு மூன்று கேள்வி

தம்பி தங்கச்சிமாரே, நேற்று உப்புவெளி ரூமில் மரக் கேள்வி செய்யும்போது பாதிப் பேர் ஒரே இடத்தில் வழுக்கினீர்கள், அதனால் இதை எழுதுகிறேன். பென்சிலை எடுங்கள்.

கேள்வி 1. கீழே உள்ள துவித மரத்தின் பிரீஓடர், இன்ஓடர் வரிசைகளைத் தருக.

```
                15
           /        \
       8              30
     /    \              \
   21       4             6
           /             /
         17            12
```

பிரீஓடர் என்றால் கணு, இடது, வலது. பிரீஓடர்: 15, 8, 21, 4, 17, 30, 6, 12. இதில் பெரிதாக யாரும் பிழைவிடுவதில்லை.

இன்ஓடர்தான் வில்லங்கம். இடது, கணு, வலது. இன்ஓடர்: 21, 8, 17, 4, 15, 30, 12, 6. இரண்டு பேர் எண்களை ஏறுவரிசையில் அடுக்கி எழுதிவிட்டு "இன்ஓடர் எப்போதும் ஒழுங்காத்தானே வரும் அண்ணா" என்றார்கள். அது துவிதத் தேடல் மரத்துக்கு மட்டும். இங்கே 15க்கு இடப்பக்கம் 21 நிற்கிறது, பார்த்தவுடனேயே இது தேடல் மரம் இல்லை என்று தெரிய வேண்டும். அடுத்த பிழை 30இல்: அதற்கு இடது பிள்ளை இல்லை, அதனால் 30ஐ உடனே எழுதிவிட்டுத்தான் வலப்பக்கம் போக வேண்டும், ஆனால் நிறையப் பேர் 12ஐ அதற்கு இடது பிள்ளைபோல நினைத்து 12, 30, 6 என்று எழுதிவிட்டார்கள்.

குழம்பினால் நான் செய்வது இதுதான். ஒவ்வொரு கணுவுக்கும் அடியில் ஒரு புள்ளி வையுங்கள். வேரின் இடப்பக்கத்தில் பென்சிலை வைத்து, டச்சு பே கரையோரமாக நடப்பதுபோல மரத்தை ஒட்டியபடியே முழுசாகச் சுற்றி வாருங்கள், புள்ளியைத் தொடும் ஒழுங்கு இன்ஓடர். புள்ளியைக் கணுவின் இடப்பக்கம் வைத்தால் அதுவே பிரீஓடர், வலப்பக்கம் வைத்தால் போஸ்ட்ஓடர். கோட் கேட்டாலும் இதே கதைதான், `print` வரி எங்கே நிற்கிறது என்பது மட்டும் மாறும்:

```
def inorder(n):
    if n is None: return
    inorder(n.left)
    print(n.data)
    inorder(n.right)
```

கேள்வி 2. வெற்றுத் தேடல் மரம் ஒன்றில் 45, 22, 60, 30, 52, 25 என்ற ஒழுங்கில் செருகி மரத்தை வரைந்து, இரு வரிசைகளையும் எழுதுக.

25 எங்கே போய் நிற்கும் என்பதுதான் கேள்வியின் உயிர்: 45க்கு இடது, 22க்கு வலது, 30க்கு இடது. பிரீஓடர்: 45, 22, 30, 25, 60, 52. இன்ஓடர்: 22, 25, 30, 45, 52, 60. இங்கே மட்டும் ஏறுவரிசை சரி, வராவிட்டால் மரத்தையே பிழையாக வரைந்திருக்கிறீர்கள்.

கேள்வி 3. பிரீஓடர் 9, 5, 2, 7, 14. இன்ஓடர் 2, 5, 7, 9, 14. மரத்தை வரைக.

பிரீஓடரின் முதல் எண் 9 வேர். இன்ஓடரில் 9க்கு முன்னால் நிற்கும் 2, 5, 7 இடப்பக்கம், 14 வலப்பக்கம். இடப்பக்கத்துக்கும் அதே வேலை: 5 மேலே, 2 இடது, 7 வலது. சரி, முடிந்தது.

நாளைக்குப் பின்னேரம் ரூமில் இருப்பேன், போஸ்ட்ஓடரும் எழுதிக்கொண்டு வாருங்கள். முதல் மரத்துக்கு 21, 17, 4, 8, 12, 6, 30, 15 வராவிட்டால் தாளோடு வாருங்கள், பார்ப்போம்.