தென்னாப்பிரிக்கா பைன்டவுனில் டெப்டர்ஸ் கிளார்க் வேலை: ஐந்து சிவி வடிவங்களின் தரவரிசை

தம்பி, நீங்கள் அனுப்பிய ஐந்து ஸ்கிரீன்ஷாட்டையும் ஏ4 தாளில் பிரிண்ட் எடுத்தும் போனிலும் பார்த்தோம். விவரம் ஐந்திலும் ஒன்றுதான், அதனால் வடிவத்தை மட்டுமே எடைபோட்டோம். பத்து நொடி பார்த்துவிட்டுத் தாளைக் கவிழ்த்தால் நான்கு பதில்கள் மனதில் நிற்க வேண்டும்: இப்போது என்ன வேலை, எத்தனை வருஷம், என்ன படிப்பு, எப்போது சேரலாம்.

முதலிடம் படம் 3. மேலிருந்து கீழாக ஒரே ஓட்டம். பதவி தடித்த எழுத்தில் இடது ஓரத்தில், தேதி வலது ஓரத்தில். தேதிகளை மட்டும் கீழே ஓட்டிப் பார்த்தாலே இடைவெளி இல்லை என்று தெரிந்துவிடுகிறது. பெயருக்குக் கீழே ஊர், கோடு 8 கார் லைசென்ஸ், ஒரு மாத நோட்டீஸ் மூன்றும் ஒரே வரியில். "420 கணக்குகள்" என்று எண்ணில் தொடங்கும் வரியில் கண் தானாக நிற்கிறது. ஒரு குறை: வெளிநாட்டுப் பட்டத்தை இங்குள்ள தகுதியோடு ஒப்பிடும் சாக்கா மதிப்பீடு இரண்டாம் பக்கத்தின் அடியில் கிடக்கிறது. மதுரையில் வாங்கிய பி.காம். பட்டத்துக்கு இங்கே முதலில் தேடுவது அதைத்தான். பட்டத்தின் பக்கத்திலேயே என்.கியூ.எஃப் தகுதி நிலையோடு போடுங்கள்.

இரண்டாமிடம் படம் 1. அதே எலும்புக்கூடு, ஆனால் ஒரே பக்கத்தில் அடைக்க எழுத்தை 9 புள்ளிக்குக் குறைத்திருக்கிறீர்கள். இரண்டு பக்கம் போனால் தப்பில்லை. 11 புள்ளி வையுங்கள்.

மூன்றாவது படம் 5. புல்லட் இல்லாமல் ஐந்து வரிப் பாரா. சேஜ் பாஸ்டல் கணக்கு மென்பொருள் நாலாவது வரியில் புதைந்து போயிற்று.

நான்காவது படம் 2. உங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்று எழுதியிருந்தீர்கள், பார்க்க அழகுதான். ஆனால் பக்கம் இரண்டாகப் பிளந்திருப்பதால், நீலப் பட்டையைப் படித்து முடித்த கண் அடுத்து எங்கே போவது என்று தடுமாறுகிறது. அந்தப் பட்டையில் உள்ள 8 புள்ளி வெள்ளை எழுத்து போனில் படிக்கவே முடியவில்லை. எக்செல்லுக்கு ஐந்தில் நான்கு வட்டம் என்பது எதையும் சொல்லாது. பிவட் டேபிள், விலுக்கப் என்று எழுதினால் சொல்லும். இன்னொரு ஆபத்தும் உண்டு. இப்படிப்பட்ட பிடிஎஃப்பை விண்ணப்ப மென்பொருள் குறுக்கே படித்தால் இடதும் வலதும் கலந்துவிடும்:

```
Excel            Debtors Clerk
English, Tamil   2021 - present
```

கடைசி படம் 4. வெளிர் பின்னணியில் சாம்பல் எழுத்து, கால் பக்கத்துக்குப் போட்டோ, தலைப்புக்குப் பதில் சின்னங்கள். 13 இலக்க ஐடி எண்ணும் பெரிதாக இருக்கிறது. அதன் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. விண்ணப்பக் கட்டத்தில் அது வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

படம் 3-ஐத் திருத்திப் பிடிஎஃப் ஆக்கியதும் Ctrl+A, Ctrl+C அடித்து Notepad-இல் ஒட்டிப் பாருங்கள். பதவி, தேதி, வேலை விவரம் அதே வரிசையில் வந்தால் அனுப்பலாம்.