கோடை முகாம்: பெற்றோர் கவனத்திற்கு

வணக்கம். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கான முகாம் மே 4 முதல் 15 வரை, திங்கள் முதல் வெள்ளி வரை, நம் தெரு நூலகத்தில் நடைபெறும். ஏப்ரல் 25க்குள் பதிவு செய்யுங்கள். கட்டணம் 600 ரூபாய். ஒவ்வாமை, மூச்சிரைப்பு, அன்றாட மருந்து எதையும் படிவத்தில் மறைக்க வேண்டாம்.

காலை 9 மணிக்குப் பல்லாங்குழி, 10 மணிக்குக் கதை, 11 மணிக்கு நீர்மோர், பிறகு களிமண் வேலை. வெயில் ஏறிவிடுவதால் 12.30க்கு முடித்துவிடுவோம். அன்றைய செய்தி 1 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வரும். காய்ச்சல், காயம் என்றால் உடனே தொலைபேசியில் அழைப்போம்.

பிள்ளையை அழைத்துச் செல்ல, நாங்கள் தரும் மஞ்சள் அட்டை கட்டாயம். அழைக்க வருபவரின் பெயர் படிவத்தில் இல்லையென்றால், தாய்மாமனே வந்தாலும் உங்களிடம் பேசி உறுதிசெய்யாமல் பிள்ளையை அனுப்ப மாட்டோம், தயவுசெய்து கோபித்துக்கொள்ளாதீர்கள். தாமதமானால் தெரிவியுங்கள், நீங்கள் வரும்வரை இரண்டு ஆசிரியைகள் உடனிருப்பார்கள்.